கல்லடி கராஜில் ஸ்கூட்டர் பற்றரி எரிந்தது: அயலவர் கேட்டவையும் எங்கள் பதிலும்

அக்கா வீட்டு கராஜில் மின்சார ஸ்கூட்டர் எரிந்த பிறகு மதிலுக்கு மேலாலும், தெருவில் நின்றும், போனிலும் பலர் கேட்ட கேள்விகள் இவை. எனக்குத் தொழில் சோலார் இன்வேட்டர், பற்றரி திருத்துவது. அதனால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

தம்பி, உண்மையில என்னதான் நடந்தது?

இரவுச் சாப்பாடு முடிந்து, ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டுவிட்டு எல்லோரும் உள்ளே இருந்தார்கள். கராஜுக்குள் சீனவெடி போல 'டப் டப்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. அத்தான் எட்டிப் பார்க்கும்போது ஷட்டருக்குக் கீழால் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. ஷட்டரைத் தூக்கப் போனவரை அக்கா தடுத்து, முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லி, பிள்ளைகளை முன்வாசலால் வெளியே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் புகை தீப்பிடித்து, ஷட்டர் உள்ளிருந்து தள்ளியதுபோல வெளிப்பக்கம் வளைந்தது. அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

மாநகர சபைத் தீயணைப்புப் படையினர் வந்து தண்ணீரடித்து அணைத்தார்கள். ஸ்கூட்டர், கூரைத் தகரத்தில் பாதி, ஒரு சைக்கிள், பக்கத்து வளவோடு சேர்ந்த மதிலின் பூச்சு ஆகியவை போய்விட்டன. ஆளுக்குச் சேதம் இல்லை.

சார்ஜரும் 60 வோல்ட், பற்றரியும் 60 வோல்ட் என்றுதானே சொல்றீங்க. பிறகு எங்க பிழை?

பிழை அந்த '60' என்ற எண்ணுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. 60 வோல்ட் என்பது பற்றரிக்கு வைத்த பெயர் மட்டும். முழுதாக ஏறி நிற்கும்போது அதில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பது, உள்ளே எந்த வகைச் செல்லை எத்தனை வரிசையாகக் கோர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

லித்தியம் பற்றரிகளில் ஸ்கூட்டர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று என்.எம்.சி, அதில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் இருக்கும். அதன் ஒரு செல் 4.2 வோல்ட்டோடு நிறைந்துவிடும். மற்றது எல்.எஃப்.பி, இரும்பு பொஸ்பேட் வகை. அதன் செல் 3.65 வோல்ட்டில் நிறையும். அக்காவின் ஸ்கூட்டரில் இருந்தது 16 வரிசை என்.எம்.சி. 16-ஐ 4.2-ஆல் பெருக்கினால் 67.2. ஸ்கூட்டரோடு வந்த முதல் சார்ஜரின் முதுகிலும் 67.2 வோல்ட் என்றுதான் அச்சடித்திருந்தது.

அந்தச் சார்ஜர் பழுதாகிப் போக, ஸ்கூட்டர் வாங்கிய கடையிலேயே வேறொன்று கொடுத்தார்கள். பெட்டியில் '60 வோல்ட் லித்தியம்' என்று பெரிதாக இருந்தது. அடியில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரில் 'அவுட்புட் 73 வோல்ட், 5 அம்பியர்'. 73 வோல்ட் 20 வரிசை எல்.எஃப்.பி பற்றரிக்குரியது: 20-ஐ 3.65-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதுவும் கடையில் '60 வோல்ட்' என்றுதான் விற்கப்படுகிறது. செருகி வேறு இரண்டுக்கும் ஒன்றே, கம்பியூட்டருக்குப் போடும் வயரின் மூன்று முனைத் தலை மாதிரி. அதனால் பிழையான சார்ஜரும் அப்படியே போய் உட்காரும்.

73 வோல்ட்டை 16 செல்லுக்குப் பங்கிட்டால் ஒரு செல்லுக்கு 4.56 வோல்ட் வருகிறது. இருக்க வேண்டியது 4.2. வித்தியாசம் மூன்றில் ஒரு வோல்ட்தான் என்று தோன்றும். ஆனால் என்.எம்.சி செல்லுக்குள் அது சின்ன விசயம் இல்லை. நிறைந்த பிறகும் தள்ளினால் லித்தியம் போய்ச் சேர இடமில்லாமல் உலோகமாகப் படியத் தொடங்கும், உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும், செல் உப்பிச் சூடாகும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூட்டை அதுவே பெருக்கிக்கொள்ளும். அப்போது சார்ஜரைக் கழற்றினாலும் நிற்காது. ஒரு செல் வெடித்தால் அதன் சூட்டில் பக்கத்துச் செல், பிறகு அடுத்தது. நீங்கள் கேட்ட 'டப் டப்' அதுதான்.

இரண்டாவதாக வந்த இந்த 73 வோல்ட் சார்ஜர் பழுதானது இல்லை. கராஜின் மறுபக்கத்துத் தட்டில் இருந்ததால் அது எரியாமல் தப்பியது. பிறகு அயலவர் இருவர் பார்த்துக்கொண்டு நிற்க மீற்றர் வைத்து அளந்தேன். அச்சடித்தபடி 73 வோல்ட் அசையாமல் காட்டியது. வேறொரு பற்றரிக்கு அது நல்ல சார்ஜர்.

பற்றரிக்குள்ள காவலுக்கு ஒரு சேர்க்கிட் இருக்காமே, அது ஏன் தடுக்கல்ல?

பி.எம்.எஸ் என்று சொல்லும் பலகை. கொஞ்சக் காலம் அது தடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்பது என் கணிப்பு. அக்கா சொன்ன ஒரு அடையாளத்தில்தான் அது எனக்குப் பிடிபட்டது.

சரியான சார்ஜரில், பற்றரி நிறைய நிறைய கரண்ட் மெல்லக் குறைந்து, கடைசியில் சிவப்பு விளக்கு பச்சையாகி அப்படியே நிற்கும். புதுச் சார்ஜர் வந்த பிறகு விளக்கு பச்சையாகி, சற்று நேரத்தில் திரும்பச் சிவப்பாகி, மறுபடியும் பச்சையாகி என்று மாறி மாறி எரிந்திருக்கிறது. அக்கா கடைக்குப் போன் பண்ணிச் சொல்லியும் இருக்கிறார். "புதுசு, கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்று பதில் வந்ததாம். (இந்தப் பதிலை எந்தப் பொருளுக்கும் சொல்லலாம் போல.)

நடந்தது இதுவாக இருக்க வேண்டும்: ஒரு செல் 4.25 வோல்ட் அளவைத் தொட்டதும் பி.எம்.எஸ் வழியை வெட்டிவிடும், விளக்கு பச்சையாகும். பற்றரியின் வோல்ட்டேஜ் சற்று இறங்கியதும் வழியைத் திறக்கும், சார்ஜர் மீண்டும் தள்ளும், விளக்கு சிவப்பாகும். இப்படி ஒவ்வோர் இரவும் பல தடவை. வெட்டுகிற வேலையைச் செய்வது மொஸ்ஃபெட் என்ற சின்ன மின் சுவிட்ச். அவசரத்துக்கு வெட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள். தினமும் சார்ஜரை நிறுத்துகிற வேலைக்கு அல்ல. மொஸ்ஃபெட் பழுதாகும்போது பெரும்பாலும் திறந்தபடி நிற்காது, ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் வாசலில் காவல் இல்லை. சார்ஜர் 73 வரைக்கும் தள்ளிக்கொண்டே போகும்.

எரிந்த பலகையை வைத்து இதை நூறு வீதம் நிறுவ என்னால் முடியாது. செல் ஒன்றிலேயே தொழிற்சாலைக் குறை இருந்திருக்கவும் கூடும். ஆனால் பொருந்தாத சார்ஜர் கையில் இருக்கிறது, விளக்கின் அடையாளம் இருக்கிறது, தீ சீற்றுக்குக் கீழே பற்றரிப் பெட்டியில் தொடங்கிய தடமும் இருக்கிறது. மூன்றும் ஒரே பக்கம்தான் காட்டுகின்றன.

கரண்ட் கூடிக் குறைஞ்சு வந்ததால இருக்காதா? இங்க அது வழமைதானே.

இருக்காது என்று நினைக்கிறேன். சுவர்ப் பிளக்கும் 13 அம்பியர் தலையும் உருகாமல் இருந்தன, வயரிங்கில் கருகல் இல்லை. லைன் வோல்ட்டேஜ் ஏறி இறங்கினாலும் இந்த வகைச் சார்ஜர் வெளியே ஒரே அளவைத்தான் கொடுக்கும். மிஞ்சினால் சார்ஜர்தான் செத்துப்போகும். முதல் சார்ஜர் அப்படிச் செத்திருக்கலாம். ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை என்று சிலர் கேட்டீர்கள். அது நிலத்துக்குக் கசியும் கரண்டைப் பார்க்கிற சாமான். பற்றரி நிறைந்துவிட்டதா என்பது அதற்குத் தெரியாது.

எங்கட வீட்டிலயும் ஒரு ஸ்கூட்டர் நிக்குது. எப்பிடிப் பாக்கிறது?

பற்றரியைத் திறக்க வேண்டாம். இரண்டு ஸ்டிக்கரை வாசித்தால் போதும்: ஒன்று பற்றரிப் பெட்டியில், மற்றது சார்ஜரில். சார்ஜரில் 'இன்புட்' என்பதை விட்டுவிட்டு 'அவுட்புட்' என்ற வரியைப் பாருங்கள். பற்றரியில் 'சார்ஜிங் வோல்ட்டேஜ்' என்றோ, வரிசை எண்ணிக்கையோ, செல் வகையோ இருக்கும். 60 வோல்ட் என்று விற்கப்படுவதில் 16 வரிசை என்.எம்.சி என்றால் 67.2, 17 வரிசை என்றால் 71.4, 20 வரிசை எல்.எஃப்.பி என்றால் 73. பழைய ஈயப் பற்றரிச் சார்ஜரும் கிட்டத்தட்ட 73, 74-ல் நிற்கும். அதையும் லித்தியத்துக்குப் போடக் கூடாது.

பற்றரியில் ஸ்டிக்கரே இல்லையென்றால், வண்டியோடு முதலில் வந்த சார்ஜரின் எண்ணே உங்களுக்கு அளவுகோல். அது பழுதானாலும் எறியாதீர்கள். மாற்றுச் சார்ஜர் வாங்கும்போது கையோடு கொண்டுபோய், இரண்டு அவுட்புட் எண்ணும் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கம் வரை ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.

மீற்றர் வைத்து அளக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று: சில சார்ஜர்கள் பற்றரி மாட்டாமல் வெளியே எதையும் தராது. பூச்சியம் காட்டினால் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரிந்தாலோ, பற்றரிப் பெட்டி உப்பி இறுகினாலோ, நகப்பூச்சு நீக்கும் திரவம் மாதிரி இனிப்பான மணம் வந்தாலோ அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். எண் பொருந்துகிறதா என்று பிறகு பார்க்கலாம்.

நாங்க மண் அள்ளிப் போட்டமே, ஏன் அணையல்ல?

பெற்றோல் நெருப்புக்கு மண் நல்லது, காற்றை மறித்துவிடும். பற்றரிக்குக் காற்றை மறித்துப் பெரிய பயன் இல்லை; எரிவதற்கான ஒட்சிசனில் ஒரு பங்கு செல்லுக்குள்ளிருந்தே வருகிறது. அதோடு மண் போர்வை மாதிரி சூட்டைப் பொத்தி வைக்கும். நீங்கள் போட்ட மண், தீ மதில் பக்கம் பரவாமல் கொஞ்சம் தடுத்தது, அதற்கு நன்றி. ஆனால் சூட்டை இறக்கியது தண்ணீர்தான். வீட்டில் வைத்திருக்கும் பவுடர் சிலிண்டரும் சுவாலையை அடக்கும், சூட்டை எடுக்காது. சற்று நேரத்தில் திரும்பப் பிடிக்கும்.

மெயின் சுவிட்ச் நிறுத்தியிருந்தால், தூரத்தில் நின்று ஹோஸ் பைப்பால் நிறையத் தண்ணீர் அடிக்கலாம். ஒரு வாளி போதாது. வெள்ளைப் புகை நிறைந்த மூடிய அறை என்றால் அதுவும் வேண்டாம். அந்தப் புகையே எரிவாயு. கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டுப் பற்றும். ஆட்களை வெளியேற்றி, கதவுக்கு நேரே நிற்காமல், 110-க்கோ 119-க்கோ அழையுங்கள். மாநகர சபைத் தீயணைப்பின் நேரடி இலக்கத்தையும் போனில் சேமித்து வையுங்கள்.

புகை எங்கட வீட்டுக்குள்ளயும் வந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாதே? கிணத்துத் தண்ணி குடிக்கலாமா?

அந்தப் புகையில் காபனோரொட்சைட்டோடு ஐதரசன் புளோரைட்டும் இருக்கும். அது கண், தொண்டை, நெஞ்சை அரிக்கும். சிலருக்கு உபாதை பல மணித்தியாலம் கழித்துத்தான் தெரியும். அன்றிரவு இருமிய பிள்ளையை மாமி போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது சரியான வேலை. இன்னும் யாருக்காவது இருமல், இளைப்பு, கண்ணெரிவு இருந்தால் 'பற்றரிப் புகை சுவாசித்தோம்' என்று சொல்லியே டொக்டரிடம் காட்டுங்கள். சொன்னால்தான் அவர்கள் எதைத் தேடுவது என்று அறிவார்கள். ஜன்னல், தரையில் படிந்த கரியைத் தும்புத்தடியால் கூட்டாமல், கையுறை, மாஸ்க் போட்டு ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

கிணறு பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. இங்கே மணல் நிலம், கிணறுகள் ஆழமில்லாதவை. தீயணைக்க அடித்த தண்ணீர் கரியோடு அப்படியே கீழே இறங்கியிருக்கும். கராஜை ஒட்டிய இரண்டு வளவுக்காரரும் பரிசோதனை முடிவு வரும்வரை குடிக்க, சமைக்கக் குழாய்த் தண்ணீரையே எடுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்; புளோரைட்டோ உலோகமோ கொதிப்பில் போகாது. பி.எச்.ஐ-யிடம் எழுத்தில் அறிவித்திருக்கிறோம்.

எரிஞ்ச பற்றரி இன்னும் உங்கட வளவிலயா இருக்கு?

ஆம். அணைத்த மறுநாள் விடியப்புறம் அது திரும்பப் புகைந்ததைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி என்று தெரியும். எரியாமல் மிஞ்சிய செல்களில் இன்னும் மின் இருக்கிறது. அதனால் சில நாள் கழித்துக்கூடப் பற்றலாம். இப்போது அது வளவின் நடுவில், மதிலிலிருந்தும் தென்னையிலிருந்தும் தள்ளி, இரும்பு பீப்பாய்க்குள் மணல் மேல் இருக்கிறது. மழை படாமல் தகரம் மூடியிருக்கிறோம். வாயு அடைபடாமல் இருக்க இறுக்கி மூடவில்லை. வாவியில் போடுங்கள் என்று ஒருவர் சொன்னார். உப்புத் தண்ணீர் அதைத் திரும்ப ஷோர்ட் ஆக்கும், மீனுக்கும் நல்லதல்ல. குப்பை லொறியிலும் போடக் கூடாது. லொறிக்குள் நசுங்கினால் அங்கே தீ. விசாரணை முடிந்ததும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்டு, அனுமதி உள்ள இடத்துக்குத்தான் போகும்.

எங்களுக்கு அனுப்பின மெசேஜை இன்னொருக்கா போடுங்க, வாசிக்க முதல் மேல போயிற்று.

"வணக்கம். எங்கள் கராஜில் ஸ்கூட்டர் பற்றரி சார்ஜ் ஆகும்போது எரிந்தது. அணைந்துவிட்டது, ஆனால் திரும்பப் பிடிக்கக்கூடும். பீப்பாய்க்கு அருகில் பிள்ளைகள் வர வேண்டாம். புகை கண்டால் எந்த நேரமும் எங்களை எழுப்புங்கள். கராஜ் பக்கத்துக் கிணறுகளில் இப்போதைக்குக் குடிக்க வேண்டாம். மதிலுக்கும் கூரைக்கும் ஆன சேதத்தைத் தயவுசெய்து திருத்த முதல் போட்டோ எடுத்து வையுங்கள். நாங்கள் வாங்கிய அதே கடையில் '60 வோல்ட்' மாற்றுச் சார்ஜர் வாங்கியவர்கள் அதைப் பாவிக்காமல் அவுட்புட் எண்ணை அனுப்புங்கள்."

கடைக்காரருக்கு என்ன எழுதினீங்க?

போனில் பேசவில்லை. பதிவுத் தபாலில் கடிதம் போட்டு, பிரதியைக் கையில் வைத்திருக்கிறோம். முக்கியமான பகுதி இது:

"தங்களிடம் வாங்கிய ஸ்கூட்டருக்கு (சேசிஸ் இலக்கமும் பற்றுச்சீட்டுப் பிரதியும் இணைப்பில்) தாங்கள் மாற்றாக விற்ற சார்ஜரின் அவுட்புட் 73 வோல்ட். வண்டியோடு தந்த முதல் சார்ஜரின் அவுட்புட் 67.2 வோல்ட். இரண்டின் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. சார்ஜ் விளக்கு மாறி மாறி எரிவதை நாம் தொலைபேசியில் தங்களுக்கு அறிவித்தோம். சார்ஜ் ஆகும் வேளையில் பற்றரி தீப்பற்றி எமது கராஜும் அயலவர் மதிலும் சேதமடைந்தன. இந்தச் சார்ஜரை வாங்கிய ஏனையோருக்கு உடனடியாக அறிவிக்குமாறும், சேதம் தொடர்பில் 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். எஞ்சிய பாகங்களை எமது முன்னிலையில் எமது இடத்தில் பரிசோதிக்கலாம். எடுத்துச் செல்ல முடியாது."

கடைசி வசனத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

'பழசைக் கொண்டாங்க, புதுப் பற்றரி தாறம்' என்று அவங்க சொன்னா நல்லதுதானே?

சொன்னார்கள். கொடுத்துவிட்டால் எங்கள் கையில் மிஞ்சுவது போட்டோ மட்டும். சார்ஜர், பற்றரி மிச்சம், பிளக் மூன்றும் போனால் மதிலுக்கும் கூரைக்கும் யாரிடம் என்ன பேசுவது? வேண்டுமானால் அவர்களது ஆள் வந்து பார்க்கட்டும். பொலிஸ் முறைப்பாட்டில் இந்த மூன்று பொருளையும் தனித்தனியாகச் சொல்லிப் பதிய வைத்திருக்கிறோம்.

ஸ்கூட்டர் வாங்கி வருசத்துக்கு மேல ஆச்சே, வாரண்டியும் முடிஞ்சிருக்கும். இனி முறையிட ஏலுமா?

ஸ்கூட்டரைப் பற்றி என்றால் கடினம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 2003-ம் ஆண்டு 9-ம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை விற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ஆனால் எங்கள் முறைப்பாடு சார்ஜரைப் பற்றியது. அது விற்கப்பட்ட நாளிலிருந்து பார்த்தால் நாங்கள் கெடுவுக்குள் இருக்கிறோம். இதனால்தான் சார்ஜருக்குக் கொடுத்த சின்னப் பில் ஸ்கூட்டர் பில்லைவிடப் பெறுமதியாகிவிட்டது. நல்லவேளை, அக்கா அதை சார்ஜர் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். எங்கே கொடுப்பது என்று தெரியாதவர்கள் 1977-க்கு அழைத்துக் கேட்கலாம்.

எங்கட மதிலை யார் கட்டித் தாறது?

நாங்கள். கடைக்காரர் பணம் தருகிறாரா இல்லையா என்பது எங்களுக்கும் அவருக்கும் உள்ள விசயம். அதற்காக நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. மேசன் வந்து பார்த்து எழுதித் தந்த மதிப்பீட்டை உங்களிடமும் தந்திருக்கிறோம். கடையோடு மத்தியஸ்த சபைக்குப் போக நேர்ந்தால் அதே தாள்தான் அங்கேயும் போகும். ஸ்கூட்டருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தது. சொந்த வண்டி எரிந்ததற்கு அதில் ஒன்றும் வராது.

இனி எங்க வச்சுத்தான் சார்ஜ் பண்றது?

வெளியே போகும் வாசலை மறிக்காத இடத்தில், சீமெந்துத் தரையில், மேலே கூரையும் பக்கத்தில் காற்றும் உள்ள இடத்தில். பெற்றோல் கான், கேஸ் சிலிண்டர், காய்ந்த ஓலை பக்கத்தில் வேண்டாம். மத்தியான வெயிலில் ஓடி வந்தால் அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் போடுங்கள். ஆட்கள் விழித்திருக்கும் நேரமாக இருக்கட்டும்.

என்ட சார்ஜர்ல 71.4 என்று இருக்கு. அது சரியா பிழையா?

பற்றரி 17 வரிசை என்.எம்.சி என்றால் சரி, 16 என்றால் பிழை. 71.4-ஐ 16-ஆல் பிரித்தால் 4.46 வரும். பற்றரி ஸ்டிக்கரின் படத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் போட வேண்டாம்.